காணொளியில் பொருட்களுக்கான இணைப்பு: எங்கே இட வேண்டும்?

யூடியூப் காணொளியைப் பார்ப்பவர் பொருளை வாங்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காணொளியோடு பொருளையே அடையாளமிடுவது. படமும் விலையும் காணொளியிலேயே தோன்றும். இதற்கு யூடியூப் பங்காளர் திட்டத்தில் இணைந்திருப்பதுடன், ஷொபிஃபை போன்ற இணையக் கடையொன்றையும் அலைவரிசையுடன் இணைக்க வேண்டும்.

மற்றையது, விளக்கக் குறிப்பில் இணைப்பு இடுவது. சிறு விற்பனையாளருக்கு இதுவே எளிது. பனையோலைக் கூடை விற்பவர் ஒருவரின் பத்து நிமிடக் காணொளியை எடுத்துக்கொள்வோம். கூடை 3:20இல் தோன்றுகிறது. "கூடை, 3:20" என்று எழுதி, அருகே கடையின் முகப்பை அல்ல, அந்தக் கூடையின் பக்கத்தையே https:// உடன் முழுமையாக இட வேண்டும். விளக்கம் சுருங்கித் தெரிவதால், இது முதல் வரியில் இருப்பது அவசியம்.

பலர் தவறுவது ஷோர்ட்ஸ் குறுங்காணொளிகளில். 2023 ஓகஸ்ட் 31 முதல் அவற்றின் விளக்கத்திலும் கருத்துகளிலும் இடும் இணைப்புகளை அழுத்தினால் திறக்காது. அவை வெறும் எழுத்தாகவே நிற்கும். பார்வைகள் ஏறியும் கடைப் பக்கத்துக்கு எவரும் வரவில்லையெனில் முதலில் இதையே சந்தேகிக்க வேண்டும். குறுங்காணொளியில் 'தொடர்புடைய காணொளி'யாக அந்தப் பத்து நிமிடக் காணொளியைச் சேர்த்தால், பார்ப்பவர் அங்கு சென்று இணைப்பைத் திறக்கலாம்.

வெளியிட்டதும் வேறொரு கைபேசியில் இணைப்பை அழுத்திப் பாருங்கள். கூடை விற்றுத் தீர்ந்தால் காணொளி அப்படியே இருக்கட்டும். இணைப்பை மட்டும் மாற்றுங்கள்.