இந்தியா விக்ஸ் எதை அளக்கிறது? ஆப்ஷன் விலைகளிலிருந்து அது உருவாகும் விதம்

ஐதராபாத்: அமீர்பேட்டின் பயிற்சி நிலையங்களில் பங்குச் சந்தை பயில வருவோரிடையே, 'விக்ஸ் உயர்ந்தால் சந்தை வீழும்' என்னும் வாய்பாடு எளிதில் பரவிவிடுகிறது. அது பாதி உண்மையே. தேசிய பங்குச் சந்தை 2008-ல் அறிமுகப்படுத்திய இந்தியா விக்ஸ் குறியீடு, அடுத்த 30 நாட்களில் நிஃப்டி எவ்வளவு அசையக்கூடும் என்ற எதிர்பார்ப்பை மட்டுமே கூறுகிறது. எத்திசையில் என்று கூறுவதில்லை.

2024 மக்களவைத் தேர்தல் இதற்குச் சான்று. ஏப்ரல் பிற்பகுதியில் 10-ஐ ஒட்டியிருந்த விக்ஸ், மே மாத இறுதியில் 24-ஐத் தாண்டியது. அதே மே மாதத்தில்தான் நிஃப்டி 23,000 புள்ளிகளைத் தொட்டுப் புதிய உச்சம் கண்டது. வாக்கு எண்ணும் நாளான ஜூன் 4, மே முதல் வாரத்திலேயே 30 நாள் வரம்புக்குள் வந்துவிட்டதும், அந்நாளுக்கான காப்பீடாக ஆப்ஷன்களுக்குக் கூடுதல் விலை தரப்பட்டதும் இதற்கு முக்கியக் காரணங்கள். ஜூன் 4 அன்று நிஃப்டி ஏறக்குறைய 6 சதவீதம் சரிந்தது. முடிவு தெளிவானபின், மறுநாளே விக்ஸ் 19-க்குக் கீழே இறங்கியது.

இக்குறியீடு தனியொரு ஆப்ஷனிலிருந்து பிறப்பதில்லை. நிஃப்டியின் எதிர்கால ஒப்பந்த விலை 24,000 எனக் கொள்வோம். அதற்குக் கீழுள்ள ஸ்டிரைக் விலைகளுக்குப் புட் ஆப்ஷன்களும், மேலுள்ளவற்றுக்குக் கால் ஆப்ஷன்களும் வரிசையாக எடுக்கப்படும். வாங்குவோர், விற்போர் கேட்கும் சிறந்த விலைகளின் நடுமதிப்பே ஒவ்வொன்றின் விலை. அதனை அடுத்தடுத்த ஸ்டிரைக்குகளின் இடைவெளியால் பெருக்கி, ஸ்டிரைக்கின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். ஆகவே 22,000 புட்டின் எடை, 26,000 காலின் எடையைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம். நிஃப்டி எம்மட்டத்தில் இருப்பினும், அசைவின் அளவு மட்டும் ஒரே சீராகப் பதிவாக வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

இவ்வாறு எடையிட்ட விலைகளின் கூட்டுத்தொகை 0.00105 என வைத்துக்கொண்டால், அதனை இரண்டால் பெருக்கி, ஆண்டின் பின்னமாகிய 30/365-ஆல் வகுக்க 0.0256 கிடைக்கும். அதன் வர்க்கமூலம் 0.16; எனவே விக்ஸ் 16. (எதிர்கால விலைக்கும் அருகிலுள்ள ஸ்டிரைக்குக்கும் இடையிலான சிறு திருத்தமும், வட்டியும் இங்கே விடப்பட்டுள்ளன.) நடைமுறையில் 30 நாளில் முடியும் ஒப்பந்தம் எப்போதும் இராது. ஆதலால் நடப்பு மாதம், அடுத்த மாதம் ஆகிய இரு வரிசைகளுக்கும் தனித்தனியே கணக்கிட்டு இடைமதிப்புக் காணப்படுகிறது.

16 என்பது ஆண்டு அளவு. மாத அளவுக்கு 12-ன் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஏறத்தாழ 4.6 சதவீதம், அதாவது 24,000-ல் சுமார் 1,100 புள்ளிகள். நிஃப்டி இருபுறமும் இந்த எல்லைக்குள் நிற்க, மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உள்ளதென ஆப்ஷன் விலைகள் கருதுகின்றன. காப்பீட்டை விற்பவர் தமக்கென ஒரு லாபத்தையும் விலையில் சேர்ப்பதால், பெரும்பாலும் உண்மையான அசைவு இதைவிடக் குறைவாகவே அமையும்.

தொலைதூர ஸ்டிரைக்குகளில் வணிகம் மெலிந்தால், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி விரிந்து நடுமதிப்பு பொருளிழக்கும். இடைவெளி 30 சதவீதத்தை மீறும் விலைகளைத் தேசிய பங்குச் சந்தை ஏற்பதில்லை. அருகிலுள்ள ஸ்டிரைக்குகளின் போக்கைக் கொண்டு அவ்விடத்தை நிரப்புகிறது.