எண்ணில் அடங்காக் காலமும் எண்ணி வைத்த ஆண்டுகளும்

காரைக்குடியை அடுத்த கோவிலூர், கொற்றவாளீசுவரர் திருக்கோயிலாலும் வேதாந்த மடத்தாலும் பெயர் பெற்ற ஊர். அம்மடத்தைப் போற்றி வளர்த்த நகரத்தார் பெருமக்கள் தங்கள் குல வரலாற்றைக் கலியாண்டுகளால் குறித்து வைத்துள்ளனர். நாகநாட்டிலிருந்து காஞ்சிக்கு வந்தது கலி 204 என்றும், காவிரிப்பூம்பட்டினத்தில் குடியேறியது கலி 2312 என்றும், அங்கிருந்து பாண்டிய நாட்டிற்கு வந்தது கலி 3808 என்றும் அவ்வரலாறு கூறுகிறது. கலியாண்டிலிருந்து 3101-ஐக் கழித்தால் கிறித்து ஆண்டு கிடைக்கும். அவ்வாறு கணக்கிட்டால் பாண்டிய நாட்டு வருகை கி.பி. 707 ஆகிறது.

ஒரு குலத்தின் இடப்பெயர்ச்சி இங்கே ஓர் உலக யுகத்தின் அளவுகோலில் குறிக்கப்பட்டிருக்கிறது. கலியுகத்தின் முழு நீளம் 4,32,000 ஆண்டுகள். நான்கு யுகங்களும் சேர்ந்த மகாயுகம் 43,20,000 ஆண்டுகள். இத்தனை பெரிய காலத்தில் மனிதரின் சில தலைமுறைகள் எவ்வாறு இடம் பிடித்தன என்பதை ஆராய்ந்தால், சமண மரபு காத்து வந்த காலக்கணக்கின் தனித்தன்மையும் விளங்கும்.

கலியின் தொடக்கமாகக் கொள்ளப்படும் கி.மு. 3102 அந்நாளில் வாழ்ந்தவர் எவரும் எழுதி வைத்த ஆண்டு அன்று. பிற்காலத்து வானநூலார் கோள்களின் இயக்கத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, அவை ஏறத்தாழ ஒரே இடத்தில் கூடியிருந்ததாகக் கண்ட காலத்தையே யுகத் தொடக்கமாகக் கொண்டனர். கலியில் 3600 ஆண்டுகள் கழிந்தபோது தமக்கு வயது 23 என்று ஆரியபடர் கூறுகிறார். அது கி.பி. 499. அவர் காலத்திற்கு முன் கலியாண்டு மக்களின் வழக்கில் இருந்ததற்குச் சான்று இல்லை.

ஆகவே கலி 204, கலி 2312 என்னும் எண்களை அந்தந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட குறிப்புகளாகக் கொள்ள இயலாது. நினைவில் நின்ற பழமைக்குப் பின்வந்தோர் அளித்த எண்கள் அவை. கலி 3808 என்பதன் நிலை வேறு. மதுரையை அடுத்த ஆனைமலையில் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரைக் கோயில் எடுத்த பாண்டிய அமைச்சன் மாறன்காரியின் கல்வெட்டு கலி 3871, அதாவது கி.பி. 770 என்று ஆண்டு குறிக்கிறது. எனவே எட்டாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டில் கலியாண்டு வழங்கியது உறுதி. நகரத்தார் வருகை அந்த ஆண்டில்தான் நிகழ்ந்தது என்பதை இது மெய்ப்பிக்காது. ஆனால் அந்த எண் அக்காலத்தவர் எழுதியிருக்கக்கூடிய எண் என்பதை மட்டும் காட்டும். அதே ஆனைமலையின் மற்றொரு பகுதியில் அச்சணந்தி அடிகளின் பெயர் பொறித்த சமணத் திருவுருவங்கள் இன்றும் காணப்படுகின்றன.

கலியாண்டைக் கல்லில் பொறித்தவர்களுள் மிக முற்பட்டவர் ஒரு சமணப் புலவரே. கருநாடகத்து ஐகொளெயில் மேகுடி என வழங்கும் சமணக் கோயிலை எடுப்பித்த இரவிகீர்த்தி, தம் மன்னன் இரண்டாம் புலிகேசியின் புகழைப் பாடிய கல்வெட்டில் இரண்டு கணக்குகளால் ஆண்டைக் குறித்தார். பாரதப் போர் முடிந்து 3735 ஆண்டுகள் என்பது ஒன்று. சக ஆண்டு 556 என்பது மற்றொன்று. இரண்டும் கி.பி. 634-ஐ ஒட்டியே நிற்கின்றன. சினாலயத்தில் பொறிக்கும்போதும் அவர் அரசரும் மக்களும் அறிந்த பொதுக் கணக்கையே கையாண்டார். யுகத்தின் எண்ணோடு சக ஆண்டையும் இணைத்து எழுதியதனால், இன்றும் அந்த ஆண்டில் ஐயம் எழ இடமில்லை.

இனிச் சமண மரபின் காலச் சக்கரத்தை நோக்கலாம். காலம் இறங்குமுகமாகச் செல்வது அவசர்ப்பிணி. ஏறுமுகமாகச் செல்வது உற்சர்ப்பிணி. ஒவ்வொன்றும் ஆறு காலங்களாகப் பகுக்கப்படும். இறங்குமுகத்தில் நன்னற்காலம் முதலாவது. நற்காலம், நற்றீக்காலம், தீநற்காலம், தீக்காலம் என்பவை அடுத்தடுத்து வரும். தீத்தீக்காலம் இறுதியானது. இவ்வாறும் சேர்ந்து பத்துக் கோடாகோடி சாகரோபமம் ஆகும். முதற்காலம் அத்தகைய நான்கு கோடாகோடி, இரண்டாவது மூன்று, மூன்றாவது இரண்டு.

சாகரோபமம் என்ற சொல்லிலேயே உவமை அடங்கியிருக்கிறது. ஒரு யோசனை அகலமும் ஆழமும் உள்ள குழியை நுண்ணிய மயிர்த்துகள்களால் நெருங்க நிரப்பி, நூறு ஆண்டுக்கு ஒரு துகளாக எடுத்து, அக்குழி வெறுமையாகும் காலத்திலிருந்து பல்லியோபமம் என்னும் அளவையை நூலோர் படிப்படியாக விளக்குவர். அதிலிருந்து எழுவது சாகரோபமம். இது எண்ணி முடிக்கும் அளவன்று. எண்ணால் எட்ட இயலாததை உவமையால் உணர்த்தும் அளவு. நூலோரும் எண்ணளவை வேறு, உவமையளவை வேறு என்றே பகுத்தனர்.

நான்காம் காலத்தின் அளவைக் கூறுமிடத்தில் ஒரு நுட்பம் உண்டு. அது ஒரு கோடாகோடி சாகரோபமம் என்று கூறி நிறுத்தாமல், அதில் 42,000 ஆண்டுகள் குறைய என்று நூல்கள் சேர்த்துரைக்கின்றன. அந்த 42,000 ஆண்டுகளே ஐந்தாம் காலத்துக்கு 21,000 ஆகவும் ஆறாம் காலத்துக்கு 21,000 ஆகவும் பகுக்கப்படுகின்றன. கடலளவு காலத்தில் 42,000 ஆண்டுகளைக் கழிப்பது கணக்களவில் கைப்பிடி மணலைக் குறைப்பது போன்றது. ஆயினும் அதனை விடாமல் கழித்துக் காட்டினர். உவமையால் மட்டும் அறியத்தக்க காலத்தின் ஓரத்தில், மனிதர் எண்ணத்தக்க ஆண்டுகளுக்கென ஒரு சிறு இடம் தனியே அளந்து ஒதுக்கப்பட்டிருக்கிறது. நாம் வாழ்வது அந்த இடத்தில்.

அவ்விடத்தை நெருங்க நெருங்க எண்களும் மனித அளவுக்குச் சுருங்குகின்றன. ஆதிபகவனின் ஆயுள் 84 இலட்சம் பூர்வம் என்பது மரபு. பூர்வம் என்பதே 84 இலட்சத்தை 84 இலட்சத்தால் பெருக்கிய ஆண்டுகள். நேமிநாதருக்கு ஆயுள் 1000 ஆண்டு, பார்சுவநாதருக்கு 100, மகாவீரருக்கு 72. நான்காம் காலம் முடிய மூன்று ஆண்டும் எட்டரை மாதமும் இருக்கும்போது மகாவீரர் வீடுபேறு எய்தினார் என்பர். மூன்றாம் காலத்தின் இறுதியில் ஆதிபகவனுக்கும் அதே இடைவெளி கூறப்படுகிறது.

மகாவீரருக்குப் பின் கணக்கின் இயல்பே மாறுகிறது. இப்போது காலத்தை அளப்பது ஆசிரியரின் வாழ்நாள். திகம்பர மரபின்படி கௌதமர் 12 ஆண்டு, சுதர்மர் 12, சம்புசுவாமி 38 என மூன்று கேவலிகளுக்கு 62 ஆண்டுகள். பின்னர் பத்திரபாகு ஈறாக ஐந்து சுருதகேவலிகளுக்கு 100 ஆண்டுகள். அடுத்துப் பத்துப் பூர்வங்கள் அறிந்த பதினொருவருக்கு 183, பதினோரங்கம் அறிந்த ஐவருக்கு 220, ஆசாராங்கம் அறிந்த நால்வருக்கு 118. கூட்டினால் 683. ஆண்டு குறைவதில்லை, அறிந்தது குறைகிறது. கேவல ஞானம், முழுச் சுருதம், பூர்வங்கள், அங்கங்கள் என ஒவ்வொரு படியிலும் எது மறைந்தது என்பதையே இக்கணக்கு பதிவு செய்கிறது. காலத்தின் இறக்கம் என்று பொதுவாகக் கூறப்பட்டது இங்கே கற்றோரின் எண்ணிக்கையாகவும் கல்வியின் அளவாகவும் கண்முன் நிற்கிறது.

இத்தகைய கணக்கைச் சரிபார்க்க இயலும். அதில் பிழை நேர்ந்தால் அறியவும் இயலும். வீர நிர்வாணம் கி.மு. 527 என்றால், 62-ம் 100-ம் சேர்ந்த 162 ஆண்டுகளின் முடிவில் பத்திரபாகுவின் காலம் ஏறத்தாழ கி.மு. 365-இல் நிறைவுறும். ஆனால் அவருடன் சிரவணபெளகொள சென்றதாக மரபு கூறும் சந்திரகுப்த மௌரியன் அரசேறியது ஏறத்தாழ கி.மு. 321 என்பது கிரேக்கர் குறிப்புகளால் உறுதிப்படுகிறது. இடையே நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட வேறுபாடு இருக்கிறது. அதனால் நிர்வாண ஆண்டைப் பின்னே தள்ளும் அறிஞர் உளர். பத்திரபாகு இருவர் எனக் கொள்வாரும் உளர். எவ்வாறு முடிப்பினும், கோடாகோடி சாகரோபமத்தில் நாற்பது ஆண்டுப் பிழை எவர் கண்ணுக்கும் தோன்றாது. ஆசிரியர் வரிசையில் அது உடனே தோன்றுகிறது. பிழை தெரிய வருவதே மனிதர் வாழ்ந்து எண்ணிய காலத்தின் அடையாளம்.

இந்த வரிசையைப் பிறர் கணக்கோடு பிணைப்பது 605 என்னும் எண். வீர நிர்வாணத்திற்கு 605 ஆண்டும் ஐந்து மாதமும் கழித்துச் சக மன்னன் தோன்றினான் என்று நூல்கள் கூறும். திலோயபண்ணத்தி இதற்கு மாறான வேறு கணக்குகளையும் மறைக்காமல் தருகிறது. அவற்றுள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேறுபடுவனவும் உண்டு. நிலைபெற்றது 605 என்பதே. அதிலிருந்து சகத் தொடக்கமான 78-ஐக் கழிக்க 527 வருகிறது. இன்றும் சக ஆண்டோடு 605-ஐக் கூட்டினால் அவ்வாண்டுத் தீபாவளியில் பிறக்கும் வீர நிர்வாண ஆண்டு கிடைக்கும். சக 1946-இல், அதாவது கி.பி. 2024-இல், வந்த தீபாவளியோடு 2551 பிறந்தது. இரவிகீர்த்தியின் 556-ஓடு 605-ஐக் கூட்ட 1161 ஆகும். அவர் அந்த எண்ணைக் கல்லில் எழுதவில்லை. எழுதாவிடினும் அதனை இன்று நாம் கூற முடிகிறது.

21,000 ஆண்டுகள் கொண்ட ஐந்தாம் காலத்தில் இதுவரை கழிந்தது எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. இக்காலத்தின் பெயர் தீக்காலம். ஆயினும் அறம் இதன் தொடக்கத்திலேயே அற்றுவிடும் என்று மரபு கூறவில்லை. இதன் இறுதி வரை அது நிற்கும். இறுதியில் ஒரு முனிவர், ஓர் ஆர்யிகை, ஒரு சிராவகர், ஒரு சிராவகி ஆகிய நால்வர் அதனைக் காத்து நிற்பர் என்கிறது. சங்கத்தின் நான்கு உறுப்புகளும் ஒவ்வொருவராய்ச் சுருங்கி நிற்கும் அந்நாளிலும், நால்வருள் இருவர் இல்லறத்தார்.