டியூரர் கண்ட வெள்ளம்

வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு தாள் இருக்கிறது. மேலே நீர்வண்ண ஓவியம், கீழே நெருக்கமான கையெழுத்து. ஓவியத்தில், வானத்திலிருந்து பெரிய நீர்த்தூண் ஒன்று சமவெளியில் இறங்கித் தரையில் பரவுகிறது. சுற்றிலும் மெல்லிய தாரைகள் இன்னும் அந்தரத்தில் நிற்கின்றன. வரைந்தவர் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர். தான் கண்ட கனவை விடிந்ததும் வரைந்ததாக அவரே கீழே எழுதியிருக்கிறார்.

இந்த நீர் எங்கிருந்து வந்தது என்பதே என் தேடல். முதலில் நாளைக் கணக்கிட்டேன். 1525, பெந்தெகொஸ்தேவுக்குப் பிந்திய புதன், வியாழனுக்கு இடைப்பட்ட இரவு என்கிறது குறிப்பு. அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 16. ஆகவே பெந்தெகொஸ்தே ஜூன் 4. கனவு வந்தது ஜூன் 7 இரவு.

முதல் சந்தேகம் சோதிடர்கள்மேல் விழுந்தது. 1524 பிப்ரவரியில் மீன ராசியில் கிரகங்கள் கூடும், பெருவெள்ளம் வரும் என்று ஐரோப்பா முழுக்கச் சிறுநூல்கள் அச்சாகியிருந்தன. ஆனால் குறித்த மாதம் கடந்து ஓராண்டுக்கும் மேலாகிவிட்டது; பிரளயம் வரவில்லை. பழைய வதந்தி மட்டும் ஒருவரை இப்படி உலுக்கியிருக்குமா?

அடுத்து அவருடைய நெதர்லாந்துப் பயண நாட்குறிப்பைப் புரட்டினேன். 1520 டிசம்பரில், கரை ஒதுங்கிய திமிங்கிலத்தைப் பார்க்க அவர் சீலாந்துக்குப் போனார். வழியில், மூழ்கிய ஊர்களின் கூரை முனைகள் நீருக்கு மேலே தெரிந்ததைக் குறித்திருக்கிறார். ஆர்னெமைடன் துறையில் இன்னொரு பெரிய கப்பல் மோதி, இவர்கள் கப்பலின் வடம் அறுந்தது. மாலுமிகள் கரையில் இறங்கிவிட்டிருந்தார்கள். கப்பலில் மிஞ்சியவர்கள் டியூரர், இன்னொரு பயணி, இரண்டு மூதாட்டிகள், கப்பல்காரர், ஒரு சிறுவன். காற்று கப்பலைக் கடலுக்குள் தள்ளியது. கதறிய கப்பல்காரருக்கு டியூரர் தைரியம் சொன்னார். எல்லோருமாகச் சிறு பாயைப் பாதி ஏற்றிக் கரைக்குத் திரும்பினார்கள்.

இங்கேதான் தேடல் திரும்பியது. நீரில் மாண்டுபோகும் ஆபத்து நிஜத்தில் வந்தபோது அவர் எழுத்தில் பதற்றத்தைவிட வேலைதான் அதிகம்: யார் இருந்தார்கள், எதை இழுத்தார்கள் என்று. கனவுக் குறிப்பில் அவர் மேல் ஒரு துளிகூடப் படவில்லை. முதல் நீர் விழுந்தது நான்கு மைல் தொலைவில். அன்றைய ஜெர்மன் மைல் கணக்கில் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். மற்ற தாரைகள் மிக உயரத்திலிருந்து வந்ததால் மெதுவாக இறங்குவதுபோலத் தெரிந்ததாம். பிறகு காற்றும் இரைச்சலுமாக அது நெருங்கியதும் விழித்துவிட்டார். உடம்பெல்லாம் நடுங்கியது, நெடுநேரம் தன்னிலைக்கு வர முடியவில்லை என்கிறார். கப்பலில் இழுக்க ஒரு பாய் இருந்தது. கனவில் செய்ய எதுவுமே இல்லை. வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது.

அப்படிப்பட்ட பயம் அந்த ஜூனில் எதற்கு? 1524ஆம் ஆண்டுக்காக நியூரம்பெர்க்கில் அச்சான லியோன்ஹார்ட் ரைன்மனின் சோதிட நூல் முகப்பில் ஒரு துப்பு கிடைத்தது. வானத்தில் பெரிய மீன், அதன் வயிற்றில் கிரகங்கள், அங்கிருந்து ஊர்மேல் கொட்டும் நீர். கீழே ஒரு பக்கம் ஆயுதமேந்திய குடியானவர்கள், மறுபக்கம் பேரரசரும் போப்பும். ஆக, டியூரரின் ஊரில் வெள்ளமும் குடியானவர் கிளர்ச்சியும் ஒரே படத்தில் அச்சாகியிருந்தன. அந்தக் கிளர்ச்சி நிஜமாகவே மூண்டது; கனவுக்கு மூன்று வாரம் முன்பு, மே 15 அன்று, பிராங்கன்ஹவுசனில் குடியானவர் படை நசுக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். ஆனாலும் டியூரர் குடியானவரைக் குறிப்பிடவில்லை. எனவே இதைக் காரணம் என்று நிறுவ முடியாது; சூழல் என்றே சொல்லலாம்.

பயத்தைப் பற்றிச் சொல்ல இந்தத் தயக்கம் வேண்டியதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் எர்னஸ்ட் ஹார்ட்மன், தீ விபத்தில் தப்பியவர்கள் ராட்சத அலை தங்களை அடித்துச் செல்வதாகக் கனவு காண்பதைக் கவனித்தார். நெருப்பில் தப்பியவருக்குக் கனவில் நீர்! நிகழ்ச்சியைக் கனவு திருப்பிக் காட்டுவதில்லை, அதன் உணர்ச்சிக்கு ஒரு படம் தேடிக்கொள்கிறது என்பது அவர் முடிவு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு முன்னும் பின்னும் 44 பேர் எழுதி வைத்திருந்த கனவுகளை ஒப்பிட்டபோதும், பிந்தைய கனவுகளில் படிமங்களின் தீவிரம் கூடியிருந்தது. கோபுரத்தில் விமானம் மோதும் காட்சி இல்லை.

அதனால்தான் 'வெள்ளம் கண்டால் இன்ன பலன்' என்ற பட்டியல் டியூரரிடம் செல்லாது. அமைதிக் கடலைக் கண்டு நெஞ்சு அடைத்து எழுந்தால் அது கெட்ட கனவுதான். மூழ்கும்போது நிம்மதி தோன்றினால் அது வேறு கனவு. டியூரரும் பலன் எதுவும் எழுதவில்லை. தொலைவு, வேகம், ஓசை, நடுக்கம் ஆகியவற்றைப் பதிந்துவிட்டு, எல்லாவற்றையும் கடவுள் நன்மையாக்கட்டும் என்று முடித்துவிட்டார். ஐந்நூறு ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கனவை ஆராய முடிவது, நீரை வரைந்த அதே தாளில் நடுக்கத்தையும் அவர் எழுதி வைத்ததால்தான்.