தூதரின் வாயை அடைக்கும் கேள்வி: கலாம் மரபில் அறிவும் வஹீயும்

ஒருவர் ஊருக்குள் வந்து, "நான் இறைவனின் தூதர். என்னிடம் அத்தாட்சி இருக்கிறது, ஆராய்ந்து பாருங்கள்" என்கிறார். கேட்டவர் பதில் சொல்கிறார்: "ஆராய்வது என் கடமையானால்தான் ஆராய்வேன். அந்தக் கடமையை எனக்கு விதிப்பது உங்கள் வேதம். அந்த வேதம் உண்மையா என்பதோ ஆராய்ந்த பிறகுதான் தெரியும். ஆகவே நான் ஆராயப் போவதில்லை." தூதரால் மேற்கொண்டு என்ன சொல்ல முடியும்? 'தூதர்களை வாயடைக்கச் செய்தல்' என்று கலாம் அறிஞர்கள் குறிப்பிட்ட சிக்கல் இது. ஒரு தரப்பு அறிவின் பக்கம், மறு தரப்பு வேதத்தின் பக்கம் என்று கலாம் வரலாற்றைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். அந்தச் சித்திரம் எவ்வளவு பிழையானது என்பதை இந்த ஒரு விவாதமே காட்டிவிடுகிறது.

கலாம் என்றால் பேச்சு. வாதத்தின் வழியே இறைக்கொள்கையை நிறுவும் துறைக்கு அதுவே பெயரானது. எட்டாம் நூற்றாண்டின் பஸ்ரா நகரில் வாஸில் இப்னு அதா (மறைவு 748) தொடங்கியதாக மரபு சொல்லும் முஃதஸிலா பள்ளி அதன் முதல் பெரும் பள்ளி. இறைவன் நீதியானவன் என்பது அவர்களின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. நீதி என்னவென்று முன்பே அறியாதவனுக்கு அந்த வாக்கியத்தால் எதுவும் விளங்காது. எனவே பொய்யும் கொடுமையும் தீயவை என்பதை வேதம் சொல்வதற்கு முன்பே அறிவு உணர்கிறது என்றார்கள்.

மேற்சொன்ன சிக்கலுக்கும் அவர்கள் இங்கிருந்தே விடை கண்டார்கள். பஸ்ரா முஃதஸிலாக்களின் கொள்கையை விரிவாக எழுதி வைத்தவர் ரய் நகரின் தலைமை நீதிபதியாக இருந்த காழி அப்துல் ஜப்பார் (மறைவு 1025). அவர் விளக்கப்படி, அறிவு முதிர்ந்த மனிதனின் உள்ளத்தில் ஓர் எச்சரிக்கை எழுகிறது: 'உன்னைப் படைத்தவன் ஒருவன் இருக்கலாம். அவனை அறியாமலிருந்தால் உனக்குக் கேடு வரலாம்.' இந்த அச்சம் வந்துவிட்டால் அதைப் போக்க முயல வேண்டும் என்பதை எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆகவே, சிந்தித்து ஆராய்வதே மனிதனின் முதல் கடமை. அதை விதிப்பது அறிவுதான். தூதர் வரும் முன்பே அந்தக் கடமை இருப்பதால், அவரிடம் சாக்குச் சொல்ல இடமில்லை.

அபுல் ஹசன் அல்-அஷ்அரி (மறைவு சுமார் 935) இதே பள்ளியில் அபூ அலீ அல்-ஜுப்பாயீயிடம் படித்து, சுமார் 40 வயதில் விலகியவர். மூன்று சகோதரர்களின் மறுமை நிலை பற்றிக் கேட்டு அவர் ஆசிரியரைத் திகைக்க வைத்தார் என்ற கதை பிற்கால நூல்களில் பிரபலம். அடியாருக்கு எல்லாவற்றிலும் மிகச் சிறந்ததையே செய்வது இறைவன் மேல் கடமை என்ற கொள்கையை அந்தக் கேள்வி தாக்குகிறது. ஆனால் அதை அவ்வளவு விரிவாக வலியுறுத்தியவர்கள் பக்தாத் முஃதஸிலாக்கள். பஸ்ராவைச் சேர்ந்த ஜுப்பாயீக்கு அந்தக் கதை சரியாகப் பொருந்தவில்லை. வரலாறாக அன்றி, பள்ளியின் பிற்கால நினைவாகவே அதைப் படிப்பது நல்லது.

அஷ்அரிகள் அறிவைக் கைவிடவில்லை. இறைவன் இருப்பதை அறிவால் நிறுவலாம் என்பதை அவர்களும் ஏற்றார்கள். ஒன்றைக் கடமையாக்கும் அதிகாரம் மட்டும் அறிவுக்கு இல்லை. அது வஹீக்கே உரியது என்றார்கள். அப்படியானால் தூதர் வாயடைத்துப் போவாரே? ஜுவைனீ (மறைவு 1085) போன்றோர் முதலில் கேள்வியையே முஃதஸிலாக்கள் மேல் திருப்பினார்கள்: ஆராய்வது கடமை என்பதும் பார்த்தவுடன் தெரிவதல்ல, ஆராய்ந்தே தெரிவது. 'ஆராய்ந்தால்தான் அது தெரியும், நான் ஆராய மாட்டேன்' என்று உங்களிடமும் ஒருவன் சொல்லலாமே! அடுத்து, கடமை வேறு, கடமையை அறிவது வேறு என்று பிரித்தார்கள். தூதர் வந்து, அறியும் வாய்ப்பும் கிடைத்துவிட்டால் கடமை வந்துவிட்டது. கேட்பவன் அதை அறிந்தானா என்பதைப் பொறுத்ததல்ல அது. கஸ்ஸாலீ (மறைவு 1111) இதற்கு ஓர் உவமை சொன்னார். "உன் பின்னால் சிங்கம், திரும்பிப் பார்" என்கிறார் ஒருவர். "நீர் சொல்வது உண்மை என்று தெரிந்தால்தான் திரும்புவேன்" என்று நிற்பவனின் வாதத்தால் சிங்கம் விலகிப் போகாது. என் பார்வையில் இந்த உவமை வலுவானது. ஆனால் கேட்பவனை அசைப்பது ஆபத்து பற்றிய அச்சம்தான் என்பதால், அப்துல் ஜப்பார் தொடங்கிய இடத்துக்கே இது பாதி வழி திரும்பிவிடுகிறது.

சமர்கந்தின் அபூ மன்ஸூர் அல்-மாதுரீதி (மறைவு 944) வழிவந்தோர் இடையில் நின்றார்கள். வணக்க வழிபாட்டுச் சட்டங்களைத் தூதரின்றி அறிய முடியாது, படைத்தவன் ஒருவன் உண்டு என்று ஏற்கும் பொறுப்பை அறிவே உணர்த்திவிடும் என்பது சமர்கந்து அறிஞர்களின் நிலை. புகாரா அறிஞர்கள் பலர் இதில் அஷ்அரிகளுடன் சேர்ந்தார்கள். தமிழகத்தில் ஷாஃபிஈ மத்ஹபினர் அஷ்அரி வழியையும் ஹனஃபிகள் மாதுரீதி வழியையும் அகீதாவில் பின்பற்றுவது வழக்கம் என்பதால், இந்த வேறுபாடு நம் மதரஸா பாடங்களிலும் தொடர்கிறது.

அந்தப் பாடங்களில் வரும் சோதனை மனிதன் ஒருவன் உண்டு. மலை உச்சியில் தனியே வளர்ந்து, எந்தத் தூதரையும் பற்றிக் கேள்விப்படாமல் இறந்துபோகிறான். தூதரை அனுப்பாமல் தண்டிப்பதில்லை என்ற குர்ஆன் கருத்தைக் (17:15) காட்டி, அவன்மேல் குற்றமில்லை என்கிறார்கள் அஷ்அரிகள். சிந்திக்கும் அளவுக்குக் காலம் கிடைத்திருந்தால், வானத்தையும் தன்னையும் பார்த்துப் படைத்தவனை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்கிறார்கள் சமர்கந்து அறிஞர்கள். அவன் தொழவில்லையே என்று மட்டும் இரு தரப்பும் கேட்பதில்லை.