இடருறு மதிப்பு

ஒரு முதலீட்டுத் தொகுப்பு குறிப்பிட்ட காலத்துக்குள் எவ்வளவு நட்டப்படக்கூடும் என்பதை ஒரே எண்ணில் சொல்லும் அளவை. நிதிச் சந்தையில் இதை 'வார்' என்றே அழைக்கிறார்கள். ஜே.பி. மார்கன் வங்கியின் தலைவராக இருந்த டென்னிஸ் வெதர்ஸ்டோன், சந்தை மூடியதும் தினமும் மாலை 4.15 மணிக்கு வங்கியின் மொத்த இடரும் ஒரு பக்கத்தில் தன் மேசைக்கு வர வேண்டும் என்று கேட்டார். அதற்காக உருவான கணக்கு முறையை அவ்வங்கி 1994இல் 'ரிஸ்க்மெட்ரிக்ஸ்' என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசமாகவே வெளியிட்டது. 1996இல் பேசல் குழு, வங்கிகள் தங்கள் சொந்த வார் கணக்கைக் கொண்டே மூலதனத் தேவையைக் கணிக்க அனுமதித்தது.

கணக்கு எளிது. 100 கோடி ரூபாய்த் தொகுப்பில் முதல் பங்கில் 60 கோடி, இரண்டாவதில் 40 கோடி என்று கொள்வோம். அவற்றின் தினசரித் திட்ட விலக்கம் முறையே 1.5%, 2%, அதாவது 90 லட்சம், 80 லட்சம். இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.3 என்றால் தொகுப்பின் திட்ட விலக்கம் சுமார் 1.37 கோடி. விலை மாற்றங்கள் இயல்நிலைப் பரவலில் அமைவதாகக் கொண்டு இதை 2.326ஆல் பெருக்கினால் 99% வார் கிடைக்கும்: 3.19 கோடி. 100 வர்த்தக நாட்களில் 99 நாள் நட்டம் இதைத் தாண்டாது என்பது பொருள். மீதி ஒரு நாளில் எவ்வளவு போகும்? அதற்கு இந்த எண்ணில் பதில் கிடையாது.

ஒட்டுறவும் நிலையானதல்ல. பீதி பிடித்த சந்தையில் எல்லோரும் எல்லாவற்றையும் விற்பார்கள், 0.3 என்பது 0.9 ஆனால், வேறெதுவும் மாறாமலே வார் 3.85 கோடி ஆகிவிடும். அப்போது பங்குகளின் ஏற்ற இறக்கமும் கூடியிருக்கும் என்பது தனிக் கதை.

1998இல் லாங்-டேர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் நிதியத்துக்கு நேர்ந்தது இதுதான். நோபல் பரிசு பெற்ற மெர்ட்டனும் ஷோல்ஸும் அதன் பங்குதாரர்கள். தினசரித் திட்ட விலக்கம் சுமார் 4.5 கோடி டாலர் என்பது அவர்கள் மதிப்பீடு. ரஷ்யா கடனைத் திருப்பித் தர மறுத்த சில நாட்களில், ஆகஸ்ட் 21 அன்று மட்டும் போனது சுமார் 55 கோடி டாலர். மதிப்பீட்டைப் போல் 12 மடங்கு. இயல்நிலைப் பரவல் உண்மையாக இருந்தால், பிரபஞ்சம் தோன்றிய நாள் முதல் தினமும் வர்த்தகம் நடந்திருந்தாலும் அப்படி ஒரு நாள் வந்திருக்கக் கூடாது. கெட்ட காலம் என்பதைவிட, பரவலைத் தேர்ந்ததில்தான் பிழை என்பதே சரியான முடிவு. சந்தை மாற்றங்களின் வால் இயல்நிலைப் பரவலின் வாலைவிடத் தடித்தது.

2016இல் பேசல் குழு மூலதனக் கணக்குக்கு வாரைக் கைவிட்டு, 97.5% எல்லைக்கு அப்பாலுள்ள நட்டங்களின் சராசரியான 'எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபால்' அளவைக்கு மாறியது. இயல்நிலைப் பரவலில் இதன் பெருக்கி 2.338; 99% வாரின் பெருக்கியோடு ஏறக்குறைய ஒன்று. எனவே வால் தடித்திருந்தால்தான் இரண்டும் கணிசமாக வேறுபடும். ஆனால் கணக்கு முறை சரியா என்று நடந்த நட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, அதே விதிகள் இன்றும் வாரையே கேட்கின்றன.