இயந்திர எழுத்துப்படி மெய்ப்பு: சிங்கப்பூர்த் தமிழ்ப் பதிவுகள்

பேச்சுப் பதிவைக் கணினி தானே கேட்டு எழுத்தாக்கித் தருவது இயந்திர எழுத்துப்படி. அதை மூல ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்துவது எழுத்துப்படி மெய்ப்பு. அச்சு மெய்ப்பில் மூலப்படி, அச்சுப்படி இரண்டும் கண்முன்னே இருக்கும். இங்கே மூலம் காதில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் பிழையைக் கண்டுபிடிப்பதைவிட, பிழை இருக்கும் இடத்துக்கு ஒலியைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருவதில்தான் நேரம் கரைகிறது.

சிங்கப்பூரில் இந்த வேலைக்குத் தனி இடம் உண்டு. தேசிய ஆவணக்காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பணி 1979-இல் தொடங்கியது. அதன் நேர்காணல்களில் தமிழிலானவையும் உண்டு. கையெழுத்து ஆவணங்களைப் பெயர்த்தெழுதவும் பழைய படங்களுக்கு விளக்கம் சேர்க்கவும் பொதுமக்களை அழைக்கும் திட்டமொன்றையும் ஆவணக்காப்பகம் 2015-இல் தொடங்கியது. இவற்றுக்கு வெளியே, குடும்பத்து மூத்தவர்களின் பேச்சைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்போரும் உண்டு. ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுத நான்கைந்து மணி நேரம் ஆகும் என்பது பொதுவான கணக்கு. இயந்திரப்படி அதைக் குறைக்கும். ஆனால் சிங்கப்பூர்த் தமிழில் மலாய், ஹொக்கியன், ஆங்கிலச் சொற்கள் ஊடாடுவதால், அது பிழைபடும் விதமும் தனியானது.

எடுத்துக்காட்டாக, சிராங்கூன் சாலைப் பகுதியில் வளர்ந்த ஒருவர் இப்படிச் சொல்வதாகக் கொள்வோம்: “தேக்கா பழைய மார்க்கெட்ல எங்கப்பா கடை வச்சிருந்தாரு. எண்பத்திரண்டுல ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாத்துனாங்க. மொதல்ல எங்களுக்கு எடம் கொடுக்கல. பசியாறிட்டு தினம் போய் நிப்பாரு.” இயந்திரம் இதை இப்படித் தரக்கூடும்: “தேக்கு பழைய மார்க்கெட்டில் எங்கப்பா கடை வைத்திருந்தார். எண்பது ரெண்டில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றினார்கள். முதலில் எங்களுக்கு இடம் கொடுக்க. பசி ஆறு விட்டு தினம் போய் நிற்பார்.”

கண்ணால் மட்டும் படிப்பவருக்கு ‘பசி ஆறு விட்டு’ உடனே உறுத்தும். காலையுணவு உண்பதைப் ‘பசியாறுவது’ என்பது சிங்கப்பூர், மலேசியத் தமிழரின் அன்றாட வழக்கு. அது தெரிந்தவர் ஒலியைக் கேட்காமலேயே திருத்திவிடலாம். ‘எண்பது ரெண்டில்’ என்பதை வரலாறு சரிபார்த்துத் தரும்: அந்தப் பழைய மார்க்கெட்டான கண்டாங் கெர்பாவ் சந்தை சாலையின் எதிர்ப்பக்கத்துப் புதுக் கட்டடத்துக்கு மாறியது 1982-இல். முதலில் ஜூஜியாவ் சென்டர் என்றிருந்த அதன் பெயர் 2000-இல் தேக்கா சென்டர் ஆனது. மிக ஆபத்தானது ‘கொடுக்க’. கடைசி ‘ல’ ஓரெழுத்துத்தான். அது விழுந்ததும் மறுப்பே போய்விட்டது. வாக்கியம் அரைகுறையாக நிற்பதால் இங்கே மாட்டிக்கொள்கிறது. ‘கொடுக்கல’ என்பது ‘கொடுக்கலாம்’ ஆகியிருந்தால் வாக்கியம் முழுமையாகவே இருக்கும், பொருள் மட்டும் தலைகீழாகும்.

ஒலியின் வேகத்தைக் குறைப்பது இந்த இடங்களுக்குத்தான். முழுப் பதிவையும் மெதுவாகக் கேட்பது நேர விரயம். இயல்பான வேகத்தில் ஓடவிட்டு, எழுத்தைக் கண் தொடர வேண்டும். சந்தேகம் தட்டிய சொல்லில் மட்டும் இரண்டு மூன்று நொடி பின்வாங்கி, முக்கால் வேகத்தில் (0.75) கேட்டால் போதும். வேகமாக ஓடும் பெயர்களும் ‘ல’ போன்ற ஈற்றொலிகளும் அப்போது பிரிந்து கேட்கும்.

இதில் தமிழுக்கு ஒரு பொறி இருக்கிறது. சுருதி மாறாமல் ஒலியை நீட்ட, மென்பொருள் அதைச் சிறு துண்டுகளாக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுகிறது. பாதி வேகத்துக்கு இறங்கும்போது உயிரொலி இழுபடும், வல்லின வெடிப்பு இரட்டித்ததுபோல் ஒலிக்கும். ‘படு’ என்பது ‘பாடு’ ஆகவோ ‘பட்டு’ ஆகவோ காதில் விழலாம். குறில், நெடில், ஒற்று ஆகியவற்றை மெதுவான ஒலியை வைத்து முடிவு செய்யக்கூடாது. என்ன சொல் என்பதை மெதுவாகக் கேட்டுக் கண்டுகொண்டு, அதன் அளவை இயல்பு வேகத்தில் உறுதி செய்வதே சரி. இயந்திரம் சரியாக எழுதியதில் மெய்ப்பாளரே புதுப்பிழையைப் புகுத்துவது பெரும்பாலும் இங்கேதான்.

இந்தப் பின்வாங்கலைச் சுட்டியால் செய்தால் ஒவ்வொரு முறையும் கை விசைப்பலகையை விட்டு விலகும். உலாவியிலேயே ஒலியும் எழுத்தும் சேர்ந்து வரும் `oTranscribe` கருவியில் `Esc` ஒலியை நிறுத்தித் தொடங்கும், `F1` பின்வாங்கும், `F3` வேகம் குறைக்கும், `F4` கூட்டும். `Ctrl+J` அந்த நொடியின் நேரத்தை எழுத்தில் பதிக்கும். `VLC`-யில் கேட்பவர் `[` அழுத்தினால் வேகம் பத்தில் ஒரு பங்கு குறையும், `]` கூட்டும், `=` இயல்புக்குக் கொண்டுவரும், `Shift+←` மூன்று நொடி பின்செல்லும். எழுதும் சாளரம் வேறாக இருந்தால், பின்னணியிலும் இயங்கும்படி இவற்றை அமைப்பில் பொதுக் குறுக்குவிசைகளாக மாற்றிக்கொள்ள வேண்டும். தமிழ்த் தட்டச்சில் இருக்கும்போது அடைப்புக்குறி விசைகள் வேறு எழுத்தைத் தரலாம் என்பதால் `F` விசைகளுக்கு ஒதுக்குவது நல்லது.

பிழை வகைகளின் பட்டியல் குறுகியதாக இருந்தால்தான் கையில் நிற்கும். கேட்கும்போது மறுப்பு, எண், பெயர் மூன்றையும் ஒவ்வொரு முறையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். ‘தொண்ணூறு’, ‘தொள்ளாயிரம்’ போன்றவை அவசரப் பேச்சில் மயங்கும். டன்லப் தெரு, கேம்பல் லேன், வீராசாமி ரோடு போன்ற பெயர்களைத் தொடங்கும்முன்பே தாளில் எழுதி வைத்துக்கொண்டால், படி முழுவதும் ஒரே வடிவம் நிற்கும். ஆனால் ‘தேக்கு’ என்று வந்ததையெல்லாம் ஒரே அழுத்தில் ‘தேக்கா’ ஆக்கக்கூடாது. மரச்சாமான் கடையைப் பற்றிய பேச்சும் அதே பதிவில் இருக்கலாம். தமிழில் வேற்றுமை உருபும் சேர்ந்தே வருவதால், தேடி ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதே பாதுகாப்பு.

ல, ள, ழ மயக்கமும் ர, ற மயக்கமும் வேறு வகை. பலர் பேச்சில் இவை வேறுபட்டே ஒலிக்காது, ஆகவே மெதுவாகக் கேட்டுப் பயனில்லை. ‘கரை’யா ‘கறை’யா என்பதை இடம் பார்த்துத்தான் தீர்க்க முடியும். இவற்றை ஒலியை அணைத்துவிட்டு, இரண்டாம் சுற்றில் கண்ணால் மட்டும் பார்க்கலாம்.

எழுத்தில் தெரியவே தெரியாத பிழைகளும் உண்டு. பேசுபவர் இடையில் இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் சொன்னால், சில கருவிகள் அதை விட்டுவிடும் அல்லது தமிழாக்கிவிடும். மௌனத்திலும் சந்தை இரைச்சலிலும் யாரும் சொல்லாத வாக்கியத்தை எழுதிவிடுவதும் உண்டு. நேரக்குறிகள் காட்டிக்கொடுக்கும்: இருபது நொடிக்கு மூன்றே சொல் இருந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது, ஒரே வரி மூன்று முறை வந்தால் பெரும்பாலும் அது இயந்திரத்தின் கற்பனை. மேலே கண்ட ‘வச்சிருந்தாரு’, ‘வைத்திருந்தார்’ ஆனதும் இவ்வகையே. ஆவணத்துக்கான படியில் பேச்சு வழக்கை மீட்க வேண்டும், ஏனென்றால் ‘பசியாறிட்டு’ போன்ற சொற்களை எழுத்துத் தமிழாக்கும் அதே போக்குத்தான் அழிக்கிறது.

இருவர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் வேகத்தைக் குறைத்தாலும் குரல்கள் பிரியாது. மூன்று முறை கேட்டும் பிடிபடாததை ஊகித்து எழுதாமல் `[தெளிவில்லை 00:14:32]` என்று நேரத்தோடு குறித்துவிட்டு நகர வேண்டும். அந்தக் குறிப்புகளை மட்டும் திரட்டி, பேசியவரிடமோ அதே தெருவில் வாழ்ந்த இன்னொருவரிடமோ போட்டுக் காட்டினால் பல பெயர்கள் ஒரே கேட்பில் தெளிந்துவிடும்.