ஊருக்குள்ள போயிட்டு வாரேன்

'ஊருக்குள்ள போயிட்டு வாரேன்ல' என்று சொல்லிவிட்டுத்தான் எங்கம்மா காலையில் கூலி வேலைக்குக் கிளம்புவாள். எங்கள் வீட்டிலிருந்து அவள் போகிற இடம் ஒரு இருநூறு எட்டு இருக்கும். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரிகிற தென்கால் பாசனத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. நடுவே ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஊர். இந்தப் பக்கம் நாங்கள். எங்கள் பக்கத்துக்குத் தெரு என்று பேர், குடி என்று பேர், பிற்பாடு காலனி என்று பேர். ஊர் என்று ஒருநாளும் பேர் இருந்ததில்லை.

பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் 'சொந்த ஊர்' என்றொரு கட்டம் இருந்தது. கிராமத்தின் பேரை எழுதினேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா சிரித்துவிட்டாள். 'ஊருன்னு அதையா எழுதுன?' என்றாள். எழுத்து தெரியாதவள். ஆனால் ஊர் என்ற சொல்லின் பொருள் என்னைவிட அவளுக்குத்தான் சரியாகத் தெரிந்திருந்தது. அது எனக்குப் புரியப் பல வருஷமாயிற்று.

சோழர் காலக் கல்வெட்டுகளைப் படிக்கிறவர்களுக்கு ஊர் என்பது இடத்தின் பேர் மட்டுமல்ல, ஒரு சபையின் பேர் என்று தெரியும். பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த கிராமத்தில் கூடுவது சபை. வணிகர்கள் கூடுவது நகரம். வெள்ளாளரின் கிராமத்தில் நிலம் உடையவர்கள் கூடுவது ஊர். 'ஊரோம்' என்று அவர்கள் கையெழுத்திட்டார்கள். நிலம் இல்லாதவன் அந்த மண்ணிலேயே பிறந்து செத்தாலும் அந்த 'ஓம்' விகுதிக்குள் வரமாட்டான்.

1010-ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில், கோயிலுக்கு விடப்பட்ட கிராமங்களின் கணக்கு வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கிராமத்துக்கும் முதலில் மொத்த நிலத்தின் அளவு. பிறகு அதிலிருந்து இறையிலி, அதாவது வரி கட்டாத நிலம், கழிக்கப்படுகிறது. கழிக்கிற பட்டியலில் ஊர்நத்தம் வருகிறது. கோயில், குளம், வாய்க்கால் வருகின்றன. தனியாகப் பறைச்சேரி வருகிறது, கம்மாணச்சேரி வருகிறது. சில கிராமங்களில் சுடுகாட்டுக்கு அப்பால் பறைச்சுடுகாடு என்று இன்னொன்றும் வருகிறது. இறையிலி என்றதும் நமக்குச் செய்த சலுகை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். விளையாத மண்ணுக்கு வரி இல்லை, அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது வேறு. மக்கள் குடியிருக்கிற இரண்டு இடங்கள் அந்தக் கணக்கில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பேரில்தான் 'ஊர்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்மா சொன்னதும் அரசன் வெட்டி வைத்ததும் ஒரே இலக்கணம்.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் வேண்டும். சேரி என்ற சொல் எப்போதும் நம்மை மட்டும் குறிக்கவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் பிராமணர் வாழ்ந்த பகுதிகளே பன்னிரண்டு சேரிகளாகச் சொல்லப்படுகின்றன. சேர்ந்து வாழும் இடம் என்பதே அதன் பொருள். காலப்போக்கில் மற்றவர்களெல்லாம் அந்தச் சொல்லை விட்டு எழுந்து போய்விட்டார்கள். நம்மிடம் அது நின்றுவிட்டது. ஆகவே பழைய ஏட்டில் சேரி என்று கண்டால் உடனே தீண்டாமை என்று முடிவுகட்டக் கூடாது. முன்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இனி நாடு. இன்று நாடு என்றால் இந்தியா, இலங்கை, ஜப்பான். அன்று நாடு என்பது காலையில் நடக்கத் தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் கடந்துவிடக்கூடியதாகக்கூட இருந்தது. ஒரே ஆற்றுப் பாசனத்தில், ஒரே குளத்துக் கரையில் அமைந்த ஊர்களின் கூட்டம் அது. சோழ நாட்டில் இவை எங்கெங்கே இருந்தன என்று கல்வெட்டுகளைக் கொண்டு வரைபடமாகவே போட்டுக் காட்டினார் எ. சுப்பராயலு. எங்கள் பக்கத்தில் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே ஆழ்வார்திருநகரி இருக்கிறது, பழைய குருகூர். அங்கே பிறந்த நம்மாழ்வாருக்கு வழுதி நாடன் என்று பேர். அந்த வழுதி நாடு தாமிரபரணியின் கடைமடைப் பகுதிதான். தனக்கென்று ராணுவமோ ராஜாவோ இல்லாத, வயலும் வாய்க்காலுமான நாடு. அதன் சார்பில் பேசுகிறவர் நாட்டார். நாட்டாண்மை, நாட்டாமை என்பதெல்லாம் அங்கிருந்து வந்தவை. ஊர்கள் சேர்ந்தது நாடு என்றால், ஊரில் இல்லாதவன் நாட்டிலும் இல்லை என்று தனியாக எழுதவேண்டிய அவசியமே இல்லை.

இது செத்துப்போன பழங்கதை அல்ல. சிவகங்கை மாவட்டத்தில் தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவி இருக்கிறது. அங்கே சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் தேர், உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இரவுசேரி என்ற நான்கு நாடுகளுக்கு உரியது. அந்த நாட்டார்களுக்கே மரியாதை, அவர்களுக்கே வடம். அந்த உஞ்சனையில் 1979-ல் புரவி எடுப்புத் தகராறில் தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 1990-களின் கடைசியில் தலித்துகள் தேர் வடத்தைப் பிடிக்க உரிமை கேட்டபோது தமிழ்நாடு அரசு, காவல்துறை, நீதிமன்றம் எல்லாம் அந்த நான்கு நாடுகளின் முன்னால் வருஷக்கணக்கில் தடுமாறி நின்றன. தேர் பல ஆண்டுகள் ஓடவே இல்லை. 2024-ல்தான் மறுபடி ஓடியது. ஒரு பெரிய நாட்டின் சட்டம் நான்கு குட்டி நாடுகளின் எல்லையில் நின்று அனுமதி கேட்ட காட்சியை வேறு எப்படிச் சொல்வது?

பெரிய நாடு உருவான கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பேர் மாற்றம் கேட்டு உண்ணாவிரதம் இருந்து 1956-ல் சங்கரலிங்கனார் உயிர் விட்டார். 1967 ஜூலையில் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. 1969 ஜனவரி 14 முதல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. 2023-ல் ஆளுநர், தமிழகம் என்பதே பொருத்தம் என்றதும் நாடு என்ற சொல்லுக்காகத் தமிழ்நாடே கொதித்தது. கொதித்தது சரிதான், நானும் அதில் ஒருவன். ஆனால் அந்த நாட்களில் மேடைமேடையாக நாடு என்ற சொல்லின் பழமையைப் பேசியவர்கள், அதே கல்வெட்டுகளில் அதற்குப் பக்கத்திலேயே நிற்கிற ஊர் என்ற சொல்லைத் தொடவில்லை. நாடு வளர்ந்து வளர்ந்து எங்களையும் உள்ளே எடுத்துக்கொண்டது. ஓட்டுப் போடுகிறோம். ஊர் மட்டும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே நிற்கிறது.

எங்கள் குடும்பத்தில் இந்த இரண்டு சொல்லும் ஒருமுறை தலைகீழாயின. அம்மாவுக்குத் தாய்மாமன் ஒருவர் இளவயதிலேயே தூத்துக்குடியில் கப்பலேறிக் கண்டிச் சீமைக்குப் போனவர். தேயிலைத் தோட்டத்தில் வேலை. அங்கே எல்லாருக்கும் ஊர் என்றால் இந்தியா. லயத்தில் சாதி இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் 'ஒங்க ஊரு எது?' என்று கேட்டால் எங்கள் தாத்தாவும் தயங்காமல் ஸ்ரீவைகுண்டம் பக்கம் என்று சொல்லமுடிந்தது. கடலைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு ஊர் கிடைத்தது.

1948-ல் இலங்கை குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. மலையகத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அரசாங்கம் வைத்த பேர் 'தாயகம் திரும்பியோர்'. அழகான தமிழ்.

எழுபதுகளின் நடுவில் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டுத் தாத்தா ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். குடிசை போட நத்தத்தில் ஒரு துண்டு இடம் கேட்டு வாய்க்காலைத் தாண்டிப் போனார். அங்கே திண்ணையில் இருந்தவர்கள், 'நீ சிலோன்காரன்லா, இங்க ஒனக்கு ஏது எடம்?' என்று கேட்டார்களாம். திரும்பி வந்து எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். அம்மா கடுங்காப்பி கொடுத்தாள்.

'என்ன மாமா சொன்னாவ ஊர்க்காரவ?'

'ஊர்க்காரவ என்னத்தச் சொல்லுவாவ தாயி' என்றார்.

கொஞ்ச நேரம் காப்பியை ஊதிக்கொண்டே இருந்தார். அப்புறம், 'எங்க ஊர்ல இந்நேரம் பனி எறங்கி மலையே தெரியாது' என்றார். அவர் சொன்னது நுவரெலியாவை.